ஒரே கிடாரிஸ்ட், இரண்டு பக்கமும் கிடார்: சின்ன பேண்டின் பதிவில் டபுள் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“எங்க பேண்ட்ல கிடார் ஒருத்தர்தான் வாசிக்கிறார். அவரோட டிராக்கை காப்பி எடுத்து ஒண்ணை இடது பக்கம், இன்னொண்ணை வலது பக்கம் தள்ளிட்டேன். அகலமே வரலை. ஏன்?”

இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே ஒலி, ஒரே நேரத்தில், ஒரே அளவில் வந்தால் காது அதை இரண்டாக எண்ணுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கிடார் நிற்பதாக முடிவு கட்டிவிடுகிறது. பாடகரின் குரல் நடுவில் கேட்பதும் இப்படித்தான். அங்கே ஸ்பீக்கர் எதுவும் இல்லை. ஆக, இத்தனை வேலை செய்து கிடாரைச் சுற்றுவழியில் மறுபடி நடுவிலேயே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். காப்பி டிராக்கில் பொலாரிட்டியைத் திருப்பிவிட்டு, மாஸ்டரை மோனோவுக்கு மாற்றுங்கள். கிடார் மொத்தமாக மறைந்துபோகும். ஒன்றை ஒன்று முழுதாக அழிக்கிறது என்றால் இரண்டும் ஒன்றேதான்.

திருவிழாவில் இரண்டு நாயனக்காரர்கள் ஒரே கீர்த்தனையைச் சேர்ந்து ஊதுவதைக் கேட்டிருப்பீர்கள். சுரமும் தாளமும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டு பேர் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். ஒருவருடைய மூச்சு ஒரு இழை முன்னால் வரும், அடுத்த கமகத்தில் மற்றவர் முந்துவார். இந்த வேறுபாடு ஒவ்வொரு சுரத்துக்கும் மாறிக்கொண்டே இருப்பதால் காது இரண்டையும் ஒட்டவைக்க முடிவதில்லை. கிடாரில் டபுள் என்று சொல்வதும் அதைத்தான்: அதே பகுதியை அதே ஆள் முதலிலிருந்து இன்னொரு முறை வாசிக்க வேண்டும். பிக் கம்பியில் படும் இடம், விரல் அழுத்தும் பலம், அடி விழும் நொடி எல்லாம் கொஞ்சம் மாறும். அந்தக் கொஞ்சம்தான் அகலம்.

“காப்பியை 15 மில்லிசெகண்ட் தள்ளி வெச்சா அகலமா கேக்குதே? அப்புறம் எதுக்கு மறுபடி வாசிக்கணும்?”

ஹெட்ஃபோனில் கேட்கும். அதில்தான் ஏமாந்துபோகிறோம். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்து எழுதியது இதைப் பற்றித்தான்: ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து மிகச் சிறிய இடைவெளியில் வந்தால் காது அதை எதிரொலியாகப் பிரிக்காது, ஒரே ஒலியாகச் சேர்த்து, முதலில் வந்த திசையில் வைத்துக் கேட்கும். ஏறக்குறைய 30 மில்லிசெகண்டுக்குள் காப்பியைத் தள்ளி வைத்தால் கிடார் பரந்ததுபோல் தோன்றுவதற்குக் காரணம் அதுவே.

நானும் இதைச் செய்து மாட்டியிருக்கிறேன். நாலு பேர் கொண்ட ஒரு பேண்டின் பாட்டு. நேரம் முடிந்துபோனதால் கோரஸ் கிடாரை இரண்டாம் முறை வாசிக்கவிடாமல், காப்பியை 15 மில்லிசெகண்ட் தள்ளி அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் டிரம்மர் அதை டீக்கடை பெஞ்சில் ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டார். கோரஸ் வந்ததும் கிடார் பிளாஸ்டிக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. “அண்ணே, கிடார் எங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒற்றை ஸ்பீக்கரில் இடதும் வலதும் ஒன்றாகக் கலக்கின்றன. 15 மில்லிசெகண்ட் தள்ளிய காப்பி மூலத்தோடு கலக்கும்போது எந்த அலைக்கு அந்த இடைவெளி அரைச் சுற்றாக அமைகிறதோ அந்த அலை அழிந்துவிடும். கணக்கில் அது 33 ஹெர்ட்ஸ், பிறகு 100, 167, 233 என்று 67 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளமாக மேலே போய்க்கொண்டே இருக்கும். வரைந்து பார்த்தால் சீப்பின் பற்கள் மாதிரி தெரியும். கிடாரின் உடம்பு முழுக்க அந்தப் பள்ளங்களுக்குள்தான் இருக்கிறது. இடைவெளியை 10 ஆக்கினாலும் 20 ஆக்கினாலும் பள்ளங்கள் இடம் மாறுமே தவிர போகாது.

உண்மையான இரண்டு வாசிப்புகளைக் கலக்கும்போதும் அழிவு நடக்கத்தான் செய்யும். ஆனால் இடைவெளி ஒவ்வொரு அடிக்கும் வேறாக இருப்பதால் பள்ளம் எங்கேயும் நிலையாக நிற்பதில்லை. காது அதைக் குழாய்ச் சத்தமாக அடையாளம் காண்பதும் இல்லை. 1966-இல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட், பாடகர் இரண்டாம் முறை பாடாமலே டபுள் கிடைக்க ஒரு டேப் வழியைக் கண்டுபிடித்தார். அதிலும் இரண்டாவது டேப் மெஷினின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, இடைவெளியை அலையவிட்டார்கள். நிலையான இடைவெளி ஏமாற்றாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

“ஒரே வாசிப்பை டிஐ-யா எடுத்து, இடது பக்கம் ஒரு ஆம்ப் சிமுலேட்டர், வலது பக்கம் வேற ஒண்ணு போட்டா?”

காப்பியைவிட மேல், டபுளைவிடக் கீழ். தொனி இரண்டு பக்கமும் வேறாக இருப்பதால் கிடார் கொஞ்சம் பரவும், ஆனால் ஒவ்வொரு அடியும் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் விழுவதால் நடுவை விட்டு முழுதாக நகராது. ஒரே ஆம்புக்கு இரண்டு மைக் வைத்து இரண்டு பக்கமும் தள்ளுவதும் இதே கதை. தனியாக வாசிக்கும் மெல்லிய பகுதிக்கு இது நன்றாகவே இருக்கும். கோரஸில் சுவர் மாதிரி நிற்க வேண்டிய கிடாருக்குப் போதாது.

“சரி, ரெண்டு முறை வாசிக்கிறோம். எப்படி எடுக்கணும்? முதல் டேக்கைக் கேட்டுக்கிட்டே வாசிக்கணுமா?”

ஒரு பாட்டை வைத்தே சொல்கிறேன். ஏ மேஜர், நிமிஷத்துக்கு 96 அடி, டிரம்ஸ், பாஸ், ஒரு கிடார், ஒரு குரல். கையில் இருந்தது இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ், சின்ன ஆம்ப் ஒன்று, எஸ்எம்57 மைக் ஒன்று. கோரஸ் 16 பார்.

முதலில் டிரம்ஸும் பாஸும் முடிந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் நம்பி வாசிக்கிற அளவுக்காவது. வெறும் கிளிக்கோடு கிடாரை இரண்டு முறை எடுத்து, பிறகு டிரம்ஸ் எடுத்தால் மூன்றும் மூன்று இடத்தில் நிற்கும். கிடார் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைவிட, இரண்டும் ஸ்னேருக்குப் பொருந்துவதுதான் காதுக்கு முக்கியம்.

முதல் டேக்கை இடது பக்கம் முழுதாகத் தள்ளிவிட்டு, இரண்டாவதை வாசிக்கும்போது ஹெட்ஃபோனில் வலது பக்கம் அவருடைய நேரடி ஒலி வரும்படி வைத்தோம். முதல் டேக்கின் அளவைக் கேட்டும் கேட்காமலும் இருக்கிற அளவுக்குக் குறைத்தோம். அது பலமாக இருந்தால் வாசிப்பவர் டிரம்ஸை விட்டுவிட்டு தன்னையே பின்தொடர ஆரம்பிப்பார். பின்தொடர்கிறவர் எப்போதும் ஒரு இழை பிந்தித்தான் வருவார். அவர்கள் பேண்டில் அதுதான் நடந்தது: இரண்டாம் டேக்கில் ஒவ்வொரு அடியும் தாமதம். முதல் டேக்கை மொத்தமாக மியூட் செய்தபோது சட்டென்று சரியானது. சிலருக்கு மெலிதாகக் கேட்பது உதவும், சிலருக்கு அதுவும் தொந்தரவு. இரண்டையும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்றை வாசிக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்: கார்டு எங்கே நிற்கிறது? தொடங்கும் இடத்தை எல்லாரும் கவனிப்பார்கள், நிறுத்தும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை. முதல் டேக்கில் நாலாவது அடியில் கையை வைத்து அமுக்கிவிட்டு, இரண்டாவதில் அடுத்த பார் வரை ஒலிக்கவிட்டால், ஒவ்வொரு நாலு பாருக்கும் ஒரு பக்கம் மட்டும் வால் தொங்கும். டபுள் அரைகுறையாகக் கேட்கிறது என்று கொண்டுவருகிற பதிவுகளில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான் இருக்கும். எங்கள் பாட்டில் “மூணரையில் கட்” என்று ஒரு தாளில் எழுதி மைக் ஸ்டாண்டில் ஒட்டினோம்.

“எவ்வளவு துல்லியமா பொருந்தணும்? கிரிட்ல இழுத்து வெச்சா தப்பா?”

96 அடி வேகத்தில் ஒரு அடி 625 மில்லிசெகண்ட். பதினாறில் ஒரு பங்கு நோட் 156. திறந்த ஸ்ட்ரம்மிங்கில் இரண்டு டேக்குக்கும் இடையில் 20, 25 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தால் கெட்டுப்போகாது. அங்கேதான் அகலமே இருக்கிறது. உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கிற பகுதியில் அந்தச் சலுகை கிடையாது. “டக்” என்று விழ வேண்டியது “டடக்” என்று விழுந்தால் உடனே தெரிந்துவிடும். அங்கே 10-க்குள் இருந்தால் நிம்மதி.

எல்லா அடியையும் கிரிட்டுக்கு இழுத்துவிட்டால் இரண்டு டேக்கும் ஒன்றையொன்று நெருங்கி, அகலம் சுருங்கிவிடும். நான் “டடக்” கேட்கிற அடிகளை மட்டும் நகர்த்துவேன். மேலே சொன்ன கோரஸில் 16 பாரில் நகர்த்தியது ஐந்தே இடம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாவது டேக் சில இடத்தில் முந்தியும் சில இடத்தில் பிந்தியும் இருந்தால் நல்லது. எல்லா இடத்திலும் பிந்தியே இருந்தால் ஹாஸ் சொன்னது மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும்: முதலில் வருகிற பக்கம் மொத்தப் படத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் மீட்டரில் ஒரே அளவு காட்டும், ஆனாலும் கிடார் இடது பக்கம் சாய்ந்தே கேட்கும். அப்போது ஒலி அளவைத் திருகாதீர்கள். பிந்தி வரும் டிராக் முழுவதையும் 10 மில்லிசெகண்ட் போல முன்னால் நகர்த்துங்கள், சாய்வு சரியாகிவிடும்.

“ஸ்டீரியோவுல நல்லா இருக்கு. மோனோவுல மட்டும் தண்ணிக்குள்ள வாசிக்கிற மாதிரி அலையுது. இது ஃபேஸ் பிரச்சினையா?”

பெரும்பாலும் சுருதிப் பிரச்சினை. ஒரு கிடார் மற்றதைவிட 5 சென்ட் ஏறியிருந்தால், 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 1.3 ஹெர்ட்ஸ் வித்தியாசம். நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் ஒலி எழுந்து அடங்கும். இரண்டு பக்கமும் பிரிந்திருக்கும்போது அது காதுக்கு அகலமாகவே படும். ஒன்றாகக் கலந்ததும் அலையாகிவிடும். டிஸ்டார்ஷன் இருந்தால் மேல்சுரங்கள் பெருகி இன்னும் மோசமாகும்.

ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி சேர்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. அதைவிட நுட்பமான விஷயம் எப்படிச் சேர்க்கிறோம் என்பது. மெதுவாகத் தட்டி டியூனரில் பச்சை விளக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, கோரஸில் ஓங்கி அடித்தால் கம்பி அந்த அடியில் சுருதி ஏறித்தான் தொடங்கும். கோரஸ் அடிக்கிற பலத்திலேயே அடித்து டியூனரைப் பாருங்கள். இடது கையைக் கவனிக்கவும் மறக்க வேண்டாம்: களைத்துப்போன கிடாரிஸ்ட் ஃப்ரெட்டை இறுக்கிப் பிடிப்பார், சுருதி ஏறும். முதல் டேக் சாயங்காலம் ஆறு மணி, இரண்டாம் டேக் ராத்திரி பதினொன்று என்றால் இரண்டும் இரண்டு ஆள் வாசித்தது போலிருக்கும். கோரஸின் இரண்டு டேக்கையும் அடுத்தடுத்து எடுத்துவிடுவது நல்லது.

“எங்ககிட்ட ஒரே கிடார், ஒரே ஆம்ப்தான். ரெண்டாவது டேக்குக்கு எதை மாத்தலாம்?”

ஒன்றை மாற்றினால் போதும். எனக்குப் பிடித்தது கேப்போ, செலவே இல்லாதது. ஏ மேஜர் பாட்டை அவர் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவங்களில் வாசித்தார். ஜி, சி, டி, ஈ மைனர் என்று பிடித்தால் ஏ, டி, ஈ, எஃப் ஷார்ப் மைனர் என்று ஒலிக்கும். இரண்டாவது டேக்குக்குக் கேப்போவை ஏழாவது ஃப்ரெட்டுக்கு ஏற்றி, டி வடிவங்களில் வாசிக்கச் சொன்னேன். டி, ஜி, ஏ, பி மைனர். ஒலிக்கிற கார்டுகள் அதே, ஆனால் சுரங்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு. மொத்த ஒலியும் மேலே ஏறிவிட்டது. இடது பக்கம் வயிறும் வலது பக்கம் மினுமினுப்பும் கிடைத்தன. பி மைனர் மட்டும் அந்த உயரத்தில் விரலுக்கு இடம் போதாமல் அவரைப் படுத்தியது. அந்த ஒரு கார்டை மூன்று கம்பியில் சுருக்கிப் பிடித்தார்.

பவர் கார்டு வாசிக்கும் ராக் பாட்டுக்கு இது சரிப்படாது. அங்கே பிக்கப்பை மாற்றலாம், தடித்த பிக்குக்குப் பதில் மெல்லியதை எடுக்கலாம், மைக்கை ஸ்பீக்கர் கூம்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு விரல் நகர்த்தலாம். வித்தியாசம் மிஞ்சவும் கூடாது. ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் கூர்மையான பக்கமே பலமாகக் கேட்கும், பாட்டு ஒரு பக்கம் நொண்டும்.

எதை மாற்றினாலும் கெயினைக் குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது 7-இல் இனிமையாக இருக்கும் டிஸ்டார்ஷன், இரண்டு டேக் சேர்ந்ததும் மணல் கொட்டுகிற மாதிரி ஆகிவிடும். 5-இல் வைத்து எடுத்தால் தனியாகக் கேட்கும்போது கிடாரிஸ்ட் முகம் சுளிப்பார். இரண்டும் சேரும்போது அடிகள் தெளிவாகவும் மொத்தம் பெரிதாகவும் இருப்பதைக் காட்டினால் சமாதானமாகிவிடுவார்.

“எத்தனை சதவீதம் பேன் பண்ணணும்? 100 போட்டா ரொம்ப பிரிஞ்சு போகுமோன்னு பயமா இருக்கு.”

(பேன் என்றதும் தலையைச் சொறிபவர்களுக்கு: ஒலியை இடம் வலமாக நகர்த்தும் குமிழைச் சொல்கிறோம்.)

டபுள் எடுத்த தாளக் கிடாரை நான் இரண்டு பக்கமும் 100-இலேயே வைத்துத் தொடங்குகிறேன். சின்ன பேண்டில் நடு ஏற்கெனவே நெரிசலான இடம்: குரல், ஸ்னேர், கிக், பாஸ் எல்லாம் அங்கே. கிடாரை 40, 50-இல் வைத்தால் நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. குரலின் தோளில் இடித்துக்கொண்டு நிற்கும். ஓரத்துக்கு அனுப்பிவிட்டால், எந்த ஈக்வலைசரையும் தொடாமலே குரல் வெளியே வரும். முதல் தடவை கேட்கும்போது நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி தோன்றுவது கிடாரை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்பதால். பாஸையும் குரலையும் சேர்த்துக் கேளுங்கள். அப்போதும் ஓட்டை தெரிந்தால் 80-க்குக் கொண்டுவாருங்கள்.

எந்த டேக் எந்தப் பக்கம்? ஹை-ஹேட் எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். வலது கை டிரம்மரை எதிரிலிருந்து பார்க்கிற மாதிரி டிரம்ஸை விரித்திருந்தால் ஹை-ஹேட் வலது பக்கம் விழும். மினுமினுப்பான கிடாரையும் அதே பக்கம் வைத்தால் அங்கே மட்டும் சீறல் குவியும். ஏழாவது ஃப்ரெட் டேக்கை முதலில் வலது பக்கம் வைத்திருந்தோம் அல்லவா? மிக்ஸில் அதை இடதுக்கு மாற்றிவிட்டேன். எடுத்த பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

கீழ்ப்பகுதியையும் ஒரு பார்வை பாருங்கள். இரண்டு கிடார் என்றால் 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கொழகொழப்பும் இரண்டு மடங்கு. 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பாஸுக்கு மூச்சு வரும்.

“சரணத்துலயும் டபுள் பண்ணினேன், கோரஸ்லயும் பண்ணினேன். கோரஸ் வரும்போது ஒண்ணுமே நடக்கலை.”

ஏற்கெனவே விரிந்திருக்கிறதை இன்னும் எங்கே விரிப்பது? சரணத்தில் ஒரே கிடார் வையுங்கள். அதை எங்கே வைப்பது என்பதுதான் ஒரே கிடாரிஸ்ட் உள்ள பேண்டின் தலைவலி. நடுவில் வைத்தால் குரலோடு மோதும், ஓரத்தில் வைத்தால் மறுபக்கம் காலி.

வான் ஹேலன் குழுவின் 1978 முதல் ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு வழி புரியும். எடி வான் ஹேலனின் கிடார் இடது பக்கம் நிற்கும், அதன் ரிவெர்ப் வலது பக்கம் ஒலிக்கும். ஒரே ஆள் வாசிப்பது என்பதை மறைக்காமலே அறை முழுவதையும் நிரப்புகிறார்கள். நான் அந்த அளவுக்கு ஓரம் போவதில்லை. எங்கள் பாட்டின் சரணத்தில் கிடாரை இடது 40-இல் வைத்து, அதிலிருந்து ஒரு சின்ன அறை ரிவெர்பை வலது பக்கம் மட்டும் அனுப்பினேன். கோரஸ் வந்ததும் அந்த ரிவெர்ப் நின்று, இரண்டு பக்கமும் உண்மைக் கிடார் வந்தது. ஒலி அளவு ஏறாமலே கோரஸ் கதவு திறந்த மாதிரி இருந்தது.

சோலோவின்போது பின்னால் டபுள் தாளக் கிடார் ஓட வேண்டுமா என்று கேட்பார்கள். மேடையில் அவர் சோலோ வாசிக்கும்போது பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். பதிவில் இருந்துவிட்டு மேடையில் இல்லையென்றால் அந்த இடம் சப்பென்று போகும். எனவே பாஸ் நிரப்பும்படி அமைத்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் கிடார் வைப்பேன். இது என் ருசி, மறுப்பவர்கள் உண்டு.

“மோனோவுல கேட்டா கிடார் கொஞ்சம் உள்ள போயிடுது. டபுள் சரியா எடுத்தும் ஏன்?”

கணக்கே அப்படித்தான். நடுவில் இருக்கிற குரல் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றே. மோனோவில் கூட்டும்போது முழுதாக ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. இரண்டு ஓரத்திலும் இருக்கிற கிடார்கள் வெவ்வேறு வாசிப்பு என்பதால் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. முடிவில் குரலோடு ஒப்பிட்டால் கிடார் ஏறக்குறைய 3 டெசிபல் இறங்கும். இது கோளாறு இல்லை, அகலத்துக்குக் கொடுக்கிற விலை. கோளாறு என்றால் கிடாரின் தொனியே மாறும், குழாய்ச் சத்தம் வரும், அல்லது ஆளே காணாமல் போவார். 100-இலிருந்து 80-க்குக் கொண்டுவந்தால் இந்த இறக்கம் 3-இலிருந்து ஏறக்குறைய 2 டெசிபலாகக் குறையும். நான் பெரும்பாலும் இரண்டு நிலைக்கும் நடுவில் ஒரு சமரச அளவை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்டீரியோவில் கிடார் அரை டெசிபல் அதிகம் என்று தோன்றுகிற இடம்.

மோனோவோடு இன்னொன்றும் சோதியுங்கள். பஸ்ஸில் போகிறவர் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருப்பார். ஒரு பக்கத்தை முழுதாக மூடிவிட்டுக் கோரஸைக் கேளுங்கள், பிறகு மறுபக்கத்தை மூடிக் கேளுங்கள். இரண்டு தடவையும் பாட்டு பாட்டாக இருக்க வேண்டும். தாளக் கிடாரில் தப்பில்லை, இரண்டு பக்கமும் அதே கார்டுகள். பாட்டின் அடையாளமான கிடார் மெட்டு ஒன்று இருந்து, அதை ஒரு ஓரத்தில் மட்டும் வைத்திருந்தால் அந்தப் பயணிக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அதை நடுவுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

“எங்க பேண்ட்ல ரெண்டு கிடாரிஸ்ட். ஒவ்வொருத்தரும் டபுள் பண்ணணுமா?”

வேண்டாம். உங்களுக்கு அகலம் இலவசமாகவே கிடைத்திருக்கிறது. ஏசி/டிசி மாதிரி ஒருவருக்கு ஒரு பக்கம் கொடுங்கள். இரண்டு பேரும் நாலு டேக் எடுத்தால் யார் எங்கே என்பதே தெரியாமல் போகும். நாலு டேக் அடுக்குவது கம்பியைத் தாழ்த்திச் சுருதி சேர்த்து வாசிக்கும் மெட்டல் இசைக்குரிய வேலை. அவர்கள் 100-இல் ஒரு ஜோடியும் 70, 80-இல் இன்னொரு ஜோடியும் வைப்பார்கள், துல்லியத்துக்காக நாள் கணக்கில் உட்காருவார்கள். சாதாரண ஸ்ட்ரம்மிங்கை நாலு முறை அடுக்கினால் அடிகளின் முனை மழுங்கி, பெரிதாவதற்குப் பதில் மொத்தமும் தூரமாகப் போய்விடும்.

“ஸ்டுடியோ நேரம் முடிஞ்சிடுச்சு. கோரஸ் டபுள் எடுக்கலை, கிடாரிஸ்ட் ஊருக்குப் போயிட்டார். ஏதாவது செய்ய முடியுமா?”

பாட்டு கிளிக்கோடு எடுக்கப்பட்டிருந்தால் முடியும். முதல் கோரஸை அவர் ஒரு முறை வாசித்திருக்கிறார், இரண்டாவது கோரஸை ஒரு முறை வாசித்திருக்கிறார். அவை இரண்டு தனித்தனி வாசிப்புகள். முதல் கோரஸின் கிடாரைக் காப்பி எடுத்து இரண்டாவது கோரஸின் வலது பக்கத்தில் வையுங்கள். இரண்டாவதின் கிடாரைக் கொண்டுவந்து முதலாவதின் வலது பக்கத்தில் வையுங்கள். இரண்டு இடத்திலும் உண்மையான டபுள் கிடைத்துவிடும். டீக்கடையில் மானம் போன அந்தப் பாட்டைக் கடைசியில் நான் இப்படித்தான் சரிசெய்தேன்.

வெட்டும் இடத்தைக் கோரஸின் முதல் அடியில் வைக்காதீர்கள். அதற்கு ஒரு இழை முன்னால், முந்தைய கார்டு அமுங்கிய இடத்தில் வெட்டி, 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் போடுங்கள். கோரஸின் கடைசி பாரைத் தனியாகக் கேளுங்கள். முதல் கோரஸ் சரணத்துக்குத் திரும்பும், இரண்டாவது வேறு எங்கேயோ போகும். கடைசிக் கார்டு மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஒரு பாரில் டபுளை நிறுத்திவிட்டு ஒரே கிடாரை விட்டுவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, டிரம்மரைத் தவிர.